எந்தப் பக்கமிருந்து எண்ணுவது?

பெட்ரோல் பங்க்கில் 91, 95 என்று ஓர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஆக்டேன் எண் என்பார்கள். இஞ்சினுக்குள் அழுத்தப்படும்போது பெட்ரோல் நேரம் தவறி வெடித்து 'டக் டக்'கென்று தட்டாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. 1926இல் இந்த அளவுகோலை அமைத்தவர் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர். நன்றாகத் தாங்கும் ஒரு திரவத்துக்கு 100 என்றும், கொஞ்சமும் தாங்காத ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டார். 91 என்றால், முதல் திரவத்தில் 91 பங்கும் ஹெப்டேனில் 9 பங்கும் கலந்த கலவையைப் போல அந்தப் பெட்ரோல் நடந்துகொள்ளும் என்று பொருள்.

அந்த 100 மதிப்பெண் திரவத்தைத் தொழிலில் ஐசோ-ஆக்டேன் என்றே அழைக்கிறார்கள். 'ஆக்ட்' என்றால் எட்டு. எட்டு கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன்: C₈H₁₈. ஆனால் இந்தச் சூத்திரத்தை மட்டும் சொல்லி ஒரு கடையில் பொருள் கேட்க முடியாது. ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பிணைப்பு என்ற விதியை மீறாமல் எட்டு கார்பன்களை 18 விதமாகக் கோக்கலாம். பதினெட்டும் வெவ்வேறு திரவங்கள் அல்லது திண்மங்கள். கொதிநிலை வேறு, குணம் வேறு. எட்டு கார்பனும் ஒரே வரிசையில் நிற்கும் சாதா ஆக்டேன் சுமார் 126 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதன் ஆக்டேன் எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே. ஐசோ-ஆக்டேன் 99 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெயரில் ஆக்டேன் இருக்கிறதே தவிர, சாதா ஆக்டேனை ஊற்றினால் இஞ்சின் தட்டத்தான் செய்யும்.

'ஐசோ' என்ற ஒட்டு நமக்கு எதையாவது சொல்கிறதா? பழைய வழக்கப்படி, சங்கிலியின் நுனிக்கு அடுத்த கார்பனில் ஒற்றைக் கிளை ஒன்று இருந்தால் ஐசோ. அந்தக் கணக்கில் ஐசோ-ஆக்டேன் என்ற பெயர் இன்னொரு பொருளுக்குத்தான் போக வேண்டும். பெட்ரோல்காரர்களின் ஐசோ-ஆக்டேனில் மூன்று கிளைகள். பெயரைப் பார்த்துப் படம் வரைந்தால் தவறான படம்தான் வரும். இந்த மாதிரிக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1892இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 34 வேதியியலாளர்கள் ஜெனீவாவில் கூடினார்கள். அவர்கள் தொடங்கியதை 1919இல் உருவான ஐயூபேக் என்ற பன்னாட்டு அமைப்பு இன்றுவரை திருத்தி வருகிறது. கடைசிப் பெரிய திருத்தம் 2013இல் வந்தது.

விதிப்படி ஐசோ-ஆக்டேனின் பெயர் 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். பெயரில் 'ஆக்ட்' என்பதே இல்லை! எட்டு எங்கே போயிற்று?

கடைசியிலிருந்து படிக்க வேண்டும். 'பென்ட்' என்றால் ஐந்து. முதுகெலும்பு மாதிரி ஓடும் முதன்மைச் சங்கிலியில் ஐந்து கார்பன். 'ஏன்' என்ற பின்னொட்டு, கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே என்று சொல்கிறது. மெத்தில் என்பது ஒரே கார்பன் உள்ள கிளை. டிரை என்பது அப்படி மூன்று கிளை. ஐந்தும் மூன்றும் எட்டு. முன்னால் நிற்கும் 2,2,4 அந்தக் கிளைகள் முளைக்கும் இடங்கள்: ஒரு தெருவில் கதவு எண் போல. இரண்டாவது கார்பனில் இரண்டு, நான்காவதில் ஒன்று.

CH₃–C(CH₃)₂–CH₂–CH(CH₃)–CH₃

அடைப்புக்குறிக்குள் இருப்பவைதான் கிளைகள். பெயரிலிருந்து படத்துக்குப் போவது இவ்வளவுதான், எளிது. படத்திலிருந்து பெயருக்குப் போவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். காரணம், போகிற வழியில் இரண்டு முடிவுகளை நாமே எடுக்க வேண்டும்: எது முதன்மைச் சங்கிலி, அதை எந்தப் பக்கமிருந்து எண்ணுவது. மற்றதெல்லாம் எழுத்துவேலை.

தேவையான சொற்கள் கொஞ்சம்தான். ஒன்று முதல் நான்கு வரை மெத், எத், புரொப், பியூட் என்பவை பழக்கத்தில் வந்த பெயர்கள். மனப்பாடம் செய்வது தவிர வழியில்லை. ஐந்திலிருந்து எண்ணுப்பெயர்கள்: பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நோன், டெக். சங்கிலி என்றால் பின்னால் 'ஏன்' சேரும். கிளை என்றால் 'இல்' சேரும். மீத்தேன் ஒரு வாயு. மெத்தில் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு இன்னொன்றில் ஒட்டிக்கொண்ட கிளை.

முதல் முடிவுக்கு வருவோம். முதன்மைச் சங்கிலி என்பது தொடர்ச்சியாக ஓடும் கார்பன் வரிசைகளில் மிக நீளமானது. 'நேராக வரைந்தது' அல்ல, 'நீளமானது'. தேர்வுத்தாள் திருத்தும் வேதியியல் ஆசிரியர்கள் அதிகம் சுழிப்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இதைப் பாருங்கள்:

CH₃–CH(C₂H₅)–CH₂–CH₃

இடமிருந்து வலமாக நான்கு கார்பன். நடுவில் எத்தில் கிளை. '2-எத்தில்பியூட்டேன்' என்று எழுதக் கை பரபரக்கும். விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். வலது நுனியிலிருந்து தொடங்கி, நடுக் கார்பனுக்கு வந்து, இடப்பக்கம் போகாமல் எத்தில் கிளைக்குள் திரும்புங்கள். ஐந்து கார்பன். ஆக, சங்கிலி பென்டேன். இடப்பக்கம் நின்ற CH₃தான் கிளை. பெயர் 3-மெத்தில்பென்டேன். தாளில் வரைந்த திசைக்கும் மூலக்கூறுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூலக்கூறு வெளியில் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஒற்றைப் பிணைப்புகள் திரும்பிக்கொண்டே இருக்கின்றன.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சங்கிலிச் சேர்மத்தின் பெயரில் '1-மெத்தில்' என்றோ '2-எத்தில்' என்றோ வந்தால், முதன்மைச் சங்கிலியைத் தவறாகப் பிடித்துவிட்டோம் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். நுனியில் ஒரு மெத்தில் ஒட்டினால் அது கிளையே அல்ல, சங்கிலியின் நீட்சி. இரண்டாவது கார்பனில் எத்தில் இருந்தால் அந்த எத்தில் பக்கம் போவதே நீளம். இதே வழியில் மூன்றாவதில் புரொப்பில் கிளையும் நிற்காது.

சரி, சம நீளத்தில் இரண்டு சங்கிலிகள் கிடைத்தால்? அந்தப் பதினெட்டில் இன்னொன்றை எடுப்போம்:

(CH₃)₂CH–CH(C₂H₅)–CH₂–CH₃

எப்படி எண்ணினாலும் ஐந்துக்கு மேல் வராது. ஆனால் ஐந்தை இரண்டு விதமாகப் பெறலாம். ஒரு எத்தில் நுனியிலிருந்து இன்னொரு எத்தில் நுனிவரை போனால், நடுவில் மூன்று கார்பன் கொண்ட, தானே கிளைத்த ஒரே ஒரு கிளை தொங்கும். இடப்பக்க CH₃இலிருந்து எத்தில் நுனிவரை போனால், ஒரு மெத்தில், ஒரு எத்தில் என இரண்டு எளிய கிளைகள். விதி சொல்வது: அதிகக் கிளைகள் உள்ள சங்கிலியை எடு. இந்த விதியை மனப்பாடம் செய்வதைவிட அதன் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கிளைகள் அதிகமாகும்போது ஒவ்வொரு கிளையும் எளிமையாகிறது. பெயருக்குள் பெயர் எழுத வேண்டியதில்லை. இதன் பெயர் 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன்.

இதில் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். 3 முன்னால், 2 பின்னால். எண் வரிசை ஏன் தலைகீழ்? ஏனென்றால் கிளைகளைப் பெயரில் அடுக்குவது எண்ணை வைத்தல்ல, அகரவரிசையை வைத்து. அதுவும் ஆங்கில எழுத்துப்படி. எத்தில் 'இ'யில் தொடங்குகிறது, மெத்தில் 'எம்'மில் தொடங்குகிறது, எனவே எத்தில் முன்னால். தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் உண்டு. நம் அகரவரிசையில் குளோரோ முந்தும், புரோமோ பிந்தும். ஆங்கிலத்தில் புரோமோவுக்கு 'பி', குளோரோவுக்கு 'சி'. ஆகவே 1-புரோமோ-2-குளோரோஎத்தேன் என்பதே சரி. தமிழில் எழுதினாலும் வரிசை ஆங்கிலத்தினுடையதுதான். உலகத்தில் எங்கே தேடினாலும் ஒரே பெயர் கிடைக்க வேண்டுமே.

டை, டிரை என்ற எண்ணிக்கைச் சொற்களை அகரவரிசையில் கணக்கில் எடுப்பதில்லை. 4-எத்தில்-2,2-டைமெத்தில்ஹெக்சேன் என்ற பெயரில் எத்திலை 'இ' என்றும் டைமெத்திலை 'எம்' என்றும்தான் ஒப்பிட வேண்டும். டையின் 'டி' வெறும் எண்ணிக்கை. நிறுத்தக்குறி பற்றி ஒரே வரி: எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் காற்புள்ளி, எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் சிறுகோடு, மற்றபடி எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுத வேண்டும்.

இப்போது இரண்டாவது முடிவு. எந்தப் பக்கமிருந்து எண்ணுவது? ஐசோ-ஆக்டேனை இடமிருந்து எண்ணினால் 2,2,4. வலமிருந்து எண்ணினால் 2,4,4. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு ஒவ்வொரு இடமாக ஒப்பிடுங்கள். முதல் இடத்தில் இரண்டிலும் 2, சமம். இரண்டாம் இடத்தில் ஒன்றில் 2, மற்றதில் 4. வேறுபாடு தெரிந்த அந்த முதல் இடத்தில் எது சிறியதோ அதுவே வெற்றி. அதோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாம் இடத்தைப் பார்க்கத் தேவையே இல்லை.

இதைச் சில கைடுகளும் டியூஷன் குறிப்புகளும் 'கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும்' என்று சுருக்கிச் சொல்லிவிடுகின்றன. பெரும்பாலும் அதுவும் சரியான விடையையே தரும். அதனால்தான் தவறென்று தெரியாமலே போகிறது. மாட்டிக்கொள்ளும் ஓர் எடுத்துக்காட்டு: பத்துக் கார்பன் சங்கிலி, மூன்று மெத்தில் கிளைகள். ஒரு பக்கமிருந்து எண்ணினால் 2, 7, 8. மறுபக்கமிருந்து 3, 4, 9. கூட்டினால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகைக்காரர் 3,4,9 என்று எழுதுவார். ஆனால் முதல் இடத்திலேயே 2 என்பது 3ஐவிடச் சிறியது; கதை அங்கேயே முடிந்தது. 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன்தான் சரி.

இரண்டு பக்கமும் எல்லா எண்களும் சமமாக வந்தால், பெயரில் முதலில் எழுதப்படும் கிளைக்குச் சிறிய எண். மேலே சொன்ன எத்தேனில் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் 1,2 என்றுதான் வரும். எனவே அகரவரிசையில் முந்தும் புரோமோவுக்கு 1.

இதுவரை கார்பன் கிளைகளும் ஹாலஜன்களும் மட்டும். ஹாலஜன் எப்போதும் முன்னொட்டாக மெத்திலோடு சரிசமமாக வரிசையில் நிற்கும். அதற்குத் தனிச் சலுகை கிடையாது. ஆனால் OH என்ற ஆல்கஹால் தொகுதி வந்து உட்கார்ந்தால் நிலைமை மாறிவிடும். அது பெயரின் கடைசியில் 'ஆல்' என்ற பின்னொட்டாக அமர்கிறது. கடைசியில் அமர்கிறதென்றால் முக்கியத்துவத்தில் முதல் என்று பொருள். சங்கிலியைத் தேர்ந்தெடுப்பதிலும் எண்ணுவதிலும் மற்ற எல்லாக் கிளைகளுக்கும் முன்னால் அதன் தேவை தீர்க்கப்படும்.

நான்கு கார்பன் சங்கிலியில் ஒரு மெத்தில் கிளை இருந்தால் 2-மெத்தில்பியூட்டேன். மெத்திலுக்குப் பக்கத்து நுனியிலிருந்து எண்ணியாயிற்று. அதே சேர்மத்தின் மறு நுனியில் OH வந்தால் எண்ணிக்கை தலைகீழாகிறது. OH உள்ள கார்பனுக்குத்தான் 1. மெத்தில் 3க்குத் தள்ளப்படுகிறது. பெயர் 3-மெத்தில்பியூட்டேன்-1-ஆல். புளிக்கவைத்த மாவிலிருந்தோ பழச்சாற்றிலிருந்தோ சாராயம் வடிக்கும்போது எத்தனாலோடு கூட வரும் ஃபியூசல் எண்ணெயில் இதுவே முக்கியமான ஒன்று.

சங்கிலியின் தேர்வையே OH மாற்றிவிடுவதைப் பார்க்க இன்னொன்று:

CH₃–CH₂–CH₂–CH₂–CH(C₂H₅)–CH₂–OH

பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்களைத் தயாரிக்க இந்த ஆல்கஹாலை டன் கணக்கில் உற்பத்தி செய்கிறார்கள். மிக நீளமான கார்பன் வரிசை எது? இட நுனியிலிருந்து எத்தில் கிளைக்குள் திரும்பினால் ஏழு. ஆனால் அந்த ஏழில் OH தாங்கிய கார்பன் இல்லை. ஆகவே அது தள்ளுபடி. OH உள்ள கார்பனையும் சேர்த்து ஓடும் வரிசைகளில் நீளமானது ஆறு. பெயர் 2-எத்தில்ஹெக்சேன்-1-ஆல். '2-எத்தில்' வந்தால் தவறென்று கொஞ்சம் முன்னால்தானே சொன்னேன் என்று கேட்பீர்கள். அந்தச் சோதனை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ளவற்றுக்கு. இங்கே எஜமான் மாறிவிட்டார்.

அமிலம், ஆல்டிஹைடு, கீட்டோன், அமீன் என்று பின்னொட்டாக வரக்கூடிய தொகுதிகள் பல உண்டு; ஒன்றுக்கு மேல் வந்தால் யார் கடைசியில் அமர்வது என்பதற்குத் தரவரிசையும் உண்டு. அமிலம் ஆல்கஹாலைவிட மேலே. தேவைப்படும்போது அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம். அதைவிட, இந்த விதிகளை எல்லாம் ஒன்றாகப் பயன்படுத்தும் ஒரு பொருளை முழுதாகப் போட்டுப் பார்ப்பது மேல்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பை எடுத்துக்கொள்கிறேன். உப்பு என்பது பேச்சு வழக்குதான். சோடியம் குளோரைடு போன்ற உப்பு அல்ல. ஓம எண்ணெயிலிருந்து பிரியும் தைமால் என்ற படிகம் அது. ஓமவாட்டரைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை அதனுடையதே. மூலக்கூறின் அமைப்பு இப்படி: ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம். அதில் ஒரு கார்பனில் OH. அதற்கு அடுத்த கார்பனில் மூன்று கார்பன் கொண்ட ஒரு கிளை. அந்தக் கிளை தன் நடுக் கார்பனால் வளையத்தோடு ஒட்டியிருக்கிறது. OHஇன் மறுபக்கம் ஒரு கார்பனை விட்டு அடுத்ததில் மெத்தில்.

ஒரு தாளில் அறுகோணம் வரைந்து இந்த மூன்றையும் குறித்துக்கொண்டால் இனி வருவது கண்ணுக்கே தெரியும். பென்சீன் வளையத்தில் OH ஒட்டிய பொருளுக்கு ஃபீனால் என்றே தனிப்பெயர் இருக்கிறது. விதிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. எனவே பெயரின் கடைசிச் சொல் ஃபீனால். OH உள்ள கார்பன் தானாகவே 1; அதை எழுதவும் தேவையில்லை. அடுத்து, வளையத்தை எந்தத் திசையில் சுற்றுவது? மூன்று கார்பன் கிளையின் பக்கமாகச் சுற்றினால் அது 2இல் வரும், மெத்தில் 5இல். எதிர்த்திசையில் சுற்றினால் மெத்தில் 3இல், பெரிய கிளை 6இல். 2,5 எதிர் 3,6. முதல் இடத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது: 2,5.

இனி அந்தப் பெரிய கிளைக்குப் பெயர். மூன்று கார்பன் என்பதால் புரொப்பேன். நுனியால் ஒட்டாமல் இரண்டாவது கார்பனால் ஒட்டியிருப்பதால் புரொப்பேன்-2-யில். இந்த 2 கிளைக்குள் எண்ணியது. வளையத்தில் எண்ணியது அல்ல. இரண்டும் கலந்துவிடக் கூடாதென்றுதான் கிளையின் பெயரை அடைப்புக்குறிக்குள் வைக்கிறோம். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் எந்த 2 எதற்கு என்று படிப்பவருக்குத் தெரியாது. வெளியே உள்ள எண் முதன்மை வளையத்தினுடையது, உள்ளே உள்ள எண் கிளைக்குச் சொந்தம். அகரவரிசையில் மெத்திலின் 'எம்' முந்தும், புரொப்பேனின் 'பி' பிந்தும். ஆக:

5-மெத்தில்-2-(புரொப்பேன்-2-யில்)ஃபீனால்

எழுதியதும் கார்பன்களைக் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஃபீனாலுக்கு ஆறு, மெத்திலுக்கு ஒன்று, கிளைக்கு மூன்று, மொத்தம் பத்து. தைமாலின் சூத்திரம் C₁₀H₁₄O. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு கிளையை விட்டிருக்கிறோம், அல்லது ஒரே கார்பனைச் சங்கிலியிலும் கிளையிலும் இரண்டுமுறை எண்ணியிருக்கிறோம்.

இதே பொருளுக்கு ரசாயனப் புட்டிகளில் 2-ஐசோபுரொப்பில்-5-மெத்தில்ஃபீனால் என்றும் பார்க்கலாம். பயப்பட வேண்டாம். அந்தக் கிளையின் பழைய பெயர் ஐசோபுரொப்பில்; அதன் முதல் எழுத்து 'ஐ', மெத்திலின் 'எம்'முக்கு முன்னால் வருவதால் வரிசை புரண்டிருக்கிறது. இடங்கள் மாறவில்லை: ஐசோபுரொப்பில் 2இல், மெத்தில் 5இல். இரண்டு பெயர்கள் ஒரே பொருளா என்று ஐயம் வந்தால், சொற்களின் வரிசையைப் பார்க்காமல் எந்த எண்ணோடு எந்தக் கிளை ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த பெயரே சாட்சி: 2-மெத்தில்-5-(புரொப்பேன்-2-யில்)ஃபீனால். முந்தைய பெயரில் இருந்த அதே சொற்கள், அதே இரண்டு எண்கள். எண்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. இது கார்வக்ரால். கற்பூரவள்ளி இலையைக் கசக்கினால் வரும் காரமான வாசனையில் இதற்குப் பெரும்பங்கு. சூத்திரமும் அதே C₁₀H₁₄O. ஆனால் தைமால் ஏறத்தாழ 50 டிகிரியில்தான் உருகும் படிகம். கார்வக்ரால் நம் ஊர் அறை வெப்பத்தில் எண்ணெயாகவே இருக்கும். OHக்குப் பக்கத்தில் பெரிய கிளை நிற்கிறதா, சின்னக் கிளை நிற்கிறதா என்பது மட்டுமே வித்தியாசம்.

ஒரு வேலை செய்து பார்க்கலாம். இரண்டு படங்களிலிருந்தும் OHஐ அழித்துவிடுங்கள். எஞ்சுவது என்ன? தைமாலில் மெத்தில் 5இலும் பெரிய கிளை 2இலும் இருந்தன. வளையத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரே. கார்வக்ராலிலும் 2, 5. அதே நேர் எதிர். OH போனதும் இரண்டும் ஒரே பொருளாகிவிடுகின்றன! எஜமான் இல்லாத வளையத்தில் கிளைகளுக்குள்தான் 1 யாருக்கு என்ற போட்டி. மெத்திலிலிருந்து தொடங்கினாலும் 1,4; மற்றதிலிருந்து தொடங்கினாலும் 1,4. சமம் என்பதால் அகரவரிசையில் முந்தும் மெத்திலுக்கு 1. பெயர் 1-மெத்தில்-4-(புரொப்பேன்-2-யில்)பென்சீன். பாரா-சைமீன் என்ற பழகுபெயரில் இதுவும் ஓம எண்ணெயில் தைமாலோடு சேர்ந்தே இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்புக்குப் பக்கத்திலேயே புதினா உப்பும் இருக்கும். அது மெந்தால். தலைவலித் தைலத்தில் நெற்றி குளிர்வது இதனால்தான். அதன் பெயரை இப்போது படித்துப் பாருங்கள்: 5-மெத்தில்-2-(புரொப்பேன்-2-யில்)சைக்ளோஹெக்சேன்-1-ஆல். முன்பாதி தைமாலுடையதே. பின்பாதியில் ஃபீனால் போய், 'சைக்ளோ' என்ற வளையமும், 'ஹெக்ஸ்' என்ற ஆறும், 'ஏன்' என்ற ஒற்றைப் பிணைப்பும், 'ஆல்' என்ற OHஉம் வந்திருக்கின்றன. அதே எலும்புக்கூடு, வளையத்தில் இருந்த மூன்று இரட்டைப் பிணைப்புகள் மட்டும் இல்லை. ஒரு இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு ஹைட்ரஜன் வீதம் ஆறு கூடியிருக்க வேண்டும். மெந்தால் C₁₀H₂₀O. சரியாக ஆறு. உண்மையிலேயே தைமாலில் ஹைட்ரஜனைச் சேர்த்து மெந்தால் தயாரிக்கும் தொழிற்சாலை முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் அந்த முறையில் உலையிலிருந்து வருவது தைலத்துக்கான மெந்தால் மட்டுமல்ல. தைமாலின் வளையம் தட்டையானது. கிளைகள் வளையத்தின் தளத்திலேயே இருப்பதால் அவற்றுக்கு மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. ஹைட்ரஜன் ஏறியதும் வளையம் தட்டையாக இருப்பதில்லை. OH, மெத்தில், பெரிய கிளை ஆகிய மூன்றும் வளையத்தின் மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ நிற்கலாம். மூன்று இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு: எட்டு வெவ்வேறு பொருள்கள். இதுவரை நாம் எழுதிய பெயர் எட்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. எந்தப் பக்கம் பார்த்து ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதற்காகப் பெயரின் முன்னால் இன்னோர் அடைப்புக்குறி வேண்டியிருக்கிறது. புதினாவில் விளையும் மெந்தாலுக்கு அது (1R,2S,5R). எண்கள் நாம் போட்ட அதே எண்கள்தான். ஒவ்வொரு எழுத்தும் அந்தந்தக் கார்பனைச் சுற்றி நான்கு பிணைப்புகளும் எந்தச் சுற்றில் அமைந்திருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. கண்ணாடியில் தெரியும் அதன் எதிருருவுக்கு மூன்று எழுத்துகளும் புரண்டு (1S,2R,5S) ஆகும். இடங்களின் எண்கள் மாறாது. அந்த எதிருரு இயற்கை மெந்தால் அளவுக்குக் குளிர்ச்சி தருவதில்லை. புட்டியில் டிஎல்-மெந்தால் என்று போட்டிருந்தால், இந்த இரண்டும் சரிபாதியாகக் கலந்தது என்று பொருள்.